காலி வீட்டில் மிஞ்சியவை: அறிவிப்பு, கெடு, காப்புச் செலவு

வாடகைக்கு இருந்தவர் வீட்டைக் காலி செய்துவிட்டார். சாவி திரும்பி வந்திருக்கலாம், வராமலும் போயிருக்கலாம். உள்ளே ஓர் இரும்பு பீரோ, ஒரு சலவை இயந்திரம், மடக்குக் கட்டில், பூட்டிய தகரப்பெட்டி, அலமாரியின் மேல்தட்டில் ஒரு கோப்பு. அடுத்த குடித்தனக்காரர் முன்பணம் கொடுக்கத் தயாராக நிற்கிறார். இந்தப் பொருள்கள் இப்போது யாருடையவை? வீட்டு உரிமையாளர் இவற்றை எத்தனை நாள் வைத்திருக்க வேண்டும்? வைத்திருக்கும் செலவை யார் ஏற்பது? கெடு கழிந்தால் விற்கலாமா, எறியலாமா?

இந்தக் கேள்விகளுக்குப் பல நாடுகளின் சட்டங்கள் ஏறத்தாழ 300 ஆண்டுகளாக விடை சொல்லி வந்திருக்கின்றன. ஒரு புள்ளியில் மட்டும் பெரும்பாலானவை ஒத்துப்போகின்றன. ஆள் போனதால் பொருளின் மீதான உரிமை தானாகப் போய்விடுவதில்லை. விட்டுவிட வேண்டும் என்ற எண்ணத்தோடு விட்டால்தான் உரிமை நீங்கும். அந்த எண்ணம் இருந்ததா என்பது வீட்டு உரிமையாளருக்குப் பெரும்பாலும் தெரியாது. அந்த இடைவெளியை அடைக்க வந்த கருவிதான், பொருளை எடுத்துச் செல்லும்படி கெடு வைத்து அனுப்பும் அறிவிப்பு. கெடு தேதியே அறிவிப்பின் உயிர் என்று பலர் எண்ணுகிறார்கள். நீதிமன்றங்களும் சட்டங்களும் காட்டுவதை வைத்துப் பார்த்தால், தேதியைவிடப் பொருள் பட்டியலும், எடுத்துச் செல்ல உண்மையாகவே வழி இருந்ததா என்பதும்தான் அதிக எடை பெறுகின்றன.

பொருளே பிணை என்ற பழைய விடை

இங்கிலாந்தின் பொதுச்சட்டத்தில் வாடகை பாக்கிக்காகக் குடியிருப்பவரின் தட்டுமுட்டுச் சாமான்களை வீட்டுக்காரரே கைப்பற்றலாம். நீதிமன்றத்துக்குப் போகத் தேவையில்லை. ஆனால் தொடக்கத்தில் அது பிணையாக வைத்திருக்கும் உரிமை மட்டுமே, விற்க முடியாது. 1689-ல் வந்த சட்டம் இதை மாற்றியது. பொருளைக் கைப்பற்றியதையும் அதற்கான காரணத்தையும் எழுத்தில் அறிவிக்க வேண்டும். ஐந்து நாளுக்குள் குடியிருப்பவர் வழக்கிட்டு மீட்காவிட்டால் மதிப்பிட்டு விற்கலாம். கெடு வைத்த அறிவிப்பு என்ற வடிவத்தின் முன்னோடிகளில் இது ஒன்று. ஆனால் அதன் நோக்கம் பொருளைத் திருப்பிக் கொடுப்பதல்ல, பாக்கியை வசூலிப்பது.

இதன் கொடுமை 19ஆம் நூற்றாண்டில் பேசப்பட்டது. 1888-ல் வந்த திருத்தம் உடை, படுக்கை ஆகியவற்றையும், ஐந்து பவுண்டு மதிப்பு வரையிலான தொழிற்கருவிகளையும் ஜப்தியிலிருந்து காத்தது. இங்கிலாந்தில் இந்த முறை முழுமையாக ஒழிந்தது 2014 ஏப்ரலில்தான். அதற்குப் பின் வந்த மாற்று ஏற்பாடு வணிகக் கட்டடங்களுக்கு மட்டுமே பொருந்தும். வசிக்கும் வீடுகளுக்கு அது கிடையாது. இந்தியாவில் 1882-ல் சென்னை, பம்பாய், கல்கத்தா ஆகிய மாகாணத் தலைநகரங்களுக்கு இயற்றப்பட்ட சிறு வழக்கு நீதிமன்றச் சட்டமும் வாடகை ஜப்திக்கு ஓர் அத்தியாயம் ஒதுக்கியது. ஆனால் ஒரு முக்கிய வேறுபாடு உண்டு. வீட்டுக்காரர் தானாகக் கை வைக்க முடியாது. நீதிமன்றத்தின் ஆணையோடு அதன் ஊழியர் வர வேண்டும்.

இந்த விடையின் குறை வெளிப்படை. பாக்கி என்ற கேள்வியையும் பொருள் என்ற கேள்வியையும் அது ஒன்றாகக் கட்டிவிடுகிறது. பாக்கியே இல்லாமல் போனவர் விட்ட பொருளுக்கு அதில் வழியில்லை. பாக்கி வைத்துப் போனவரின் பொருளோ, அதன் மதிப்பு என்னவாக இருந்தாலும், முழுவதும் பிடியில் மாட்டிக்கொள்கிறது. சட்டம் மாறிய பிறகும் இந்தப் பழக்கம் மனத்தில் தங்கிவிட்டது. “பாக்கியைக் கொடுத்துவிட்டுச் சாமானை எடுத்துப் போ” என்று சொல்லும் வீட்டுக்காரர், சட்டத்தில் தனக்கு இருக்கும் உரிமையைத்தான் பேசுகிறோம் என்று நம்பியே பேசுகிறார்.

கேட்காமல் வந்த காவல்

இரண்டாவது விடை வழக்குகளில் உருவானது. ஒருவர் விரும்பாமலே அவர் கையில் மற்றவரின் பொருள் வந்து சேர்ந்தால் அவருக்கு என்ன கடமை? 1884-ல் ஒரு நாடக ஆசிரியர், யாரும் கேட்காமலே தன் கையெழுத்துப் பிரதியை ஒரு நாடக அரங்க நிர்வாகிக்கு அனுப்பினார். பிரதி தொலைந்தது. நிர்வாகிக்கு அதைக் காக்கும் கடமை இல்லை என்று இங்கிலாந்து நீதிமன்றம் சொன்னது. பத்து ஆண்டுக்குப் பின் வேறொரு வழக்கில், இசைக் கலைஞர் ஒத்திகைக்குப் பிறகு அரங்கிலேயே விட்டுச்சென்ற பெரிய தந்தி வாத்தியத்தை ஊழியர் நகர்த்தினார். அது சேதமானது. அரங்கத்தாரைப் பொறுப்பாக்க முடியாது என்று தீர்ப்பு வந்தது.

இந்த வழியில் சென்றால் வீட்டுக்காரரின் சுமை குறைவு. வேண்டுமென்றே சேதப்படுத்தக்கூடாது, தன்னுடையதாக்கிக் கொள்ளக்கூடாது, யாரிடமாவது கொடுத்தால் கவனமாகக் கொடுக்க வேண்டும். ஆனால் அப்புறப்படுத்தலாமா என்ற கேள்விக்கு இந்த வழக்குகள் ஒரு சொல்லைத்தான் விடையாகத் தருகின்றன: நியாயமானதைச் செய்ய வேண்டும். எது நியாயம் என்பது ஒவ்வொரு வழக்கிலும் புதிதாக எழுகிறது.

2014-ல் இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு வந்த ஒரு வழக்கு இதைத் தெளிவாகக் காட்டுகிறது. அது வாடகை வழக்கல்ல. கடனுக்காக வீட்டைக் கையகப்படுத்திய ஒரு நிறுவனம், உள்ளே இருந்த பொருள்களை எடுத்துச் செல்ல முன்னாள் உரிமையாளருக்கு அவகாசம் தந்தது, மீண்டும் நீட்டித்தது, பிறகு மிஞ்சியதை அப்புறப்படுத்தியது. நிறுவனம் நியாயமாக நடந்துகொண்டது என்று நீதிமன்றம் ஏற்றது. அங்கே எடை பெற்றது ஒரு குறிப்பிட்ட நாள் எண்ணிக்கை அல்ல. எச்சரிக்கை இருந்தது, நுழைய வாய்ப்பு இருந்தது, அது திரும்பவும் தரப்பட்டது. இந்தக் கோட்பாட்டின் பலம் அது. பலவீனமும் அங்கேதான் இருக்கிறது: நியாயமாக நடந்தோமா என்பது வீட்டுக்காரருக்கு வழக்கு முடிந்த பிறகுதான் தெரியவரும்.

நாள் எண்ணும் சட்டங்கள்

அந்த நிச்சயமின்மையை நீக்க எழுந்தது மூன்றாவது விடை. இங்கிலாந்தில் 1977-ல் வந்த சட்டம், பொருளை விற்க நினைப்பவர் அனுப்ப வேண்டிய அறிவிப்பில் என்னென்ன இருக்க வேண்டும் என்று வகுத்தது: அனுப்புபவரின் பெயரும் முகவரியும், பொருளின் போதுமான விவரம், அது இருக்கும் இடம், எந்தத் தேதிக்குப் பிறகு விற்கப்படும், ஏற்கெனவே பாக்கியான தொகை ஏதாவது உண்டா. இடைப்பட்ட காலம், பொருளை எடுத்துக்கொள்ள நியாயமான வாய்ப்பு அளிப்பதாக இருக்க வேண்டும். பொருள் தொடர்பாகப் பணம் கேட்டால் அந்தக் காலம் மூன்று மாதத்துக்குக் குறையக்கூடாது. பணம் கேட்கிறவர் அதிக நாள் காத்திருக்க வேண்டும் என்ற இந்த ஏற்பாடு கவனிக்கத்தக்கது. காப்புச் செலவு கேட்கும் அறிவிப்புக்கும் கேட்காத அறிவிப்புக்கும் ஒரே கெடு வைப்பது சரியா என்ற கேள்வியை அது எழுப்புகிறது.

கலிஃபோர்னியாவின் 1974 சட்டம் இன்னும் நுணுக்கமானது. நேரில் கொடுத்தால் குறைந்தது 15 நாள், அஞ்சலில் அனுப்பினால் 18 நாள். அறிவிப்பில் பட்டியலிடாத பொருளுக்கு வீட்டுக்காரருக்குச் சட்டப் பாதுகாப்பு கிடையாது. பூட்டிய அல்லது கட்டிய பெட்டிக்கு மட்டும் ஒரு விலக்கு. அதைத் திறந்து பார்க்க வேண்டாம், பூட்டிய பெட்டி என்று எழுதினாலே போதும். இந்தச் சிறு விதி இரண்டு தீமைகளைத் தடுக்கிறது. வீட்டுக்காரர் பிறர் பெட்டியைக் குடைய வேண்டியதில்லை. உள்ளே நகை இருந்தது, இல்லை என்ற சண்டையும் திறக்காத பெட்டியில் கிளம்புவது குறைவு. வாடகை வீட்டிலேயே பொருளை வைத்திருந்தால், அது அடைத்துக்கொண்ட இடத்துக்கு உரிய நியாயமான வாடகைதான் காப்புச் செலவு, அதற்கு மேல் கேட்க முடியாது. பொருள் அந்த வீட்டிலேயே இருக்க, காலி செய்த இரண்டு நாளுக்குள் குடியிருந்தவர் வந்தால் அந்தச் செலவும் இல்லை.

கெடு கழிந்த பின் மதிப்பு பிரிக்கிறது. மறுவிற்பனை மதிப்பு 700 டாலருக்குக் குறைவாக இருந்தால் வீட்டுக்காரர் வைத்துக்கொள்ளலாம், விற்கலாம், எறியலாம். அதற்கு மேல் என்றால் நாளிதழில் விளம்பரம் கொடுத்துப் பொது ஏலம் விட வேண்டும். காப்பு, விளம்பர, விற்பனைச் செலவு போக மிஞ்சுவது மாவட்டக் கருவூலத்துக்குப் போகும். முன்னாள் குடித்தனக்காரர் ஓராண்டுக்குள் அதைக் கேட்டு வாங்கலாம். 2013 வரை அந்த வரம்பு 300 டாலராக இருந்தது. பழைய சோபா, படுக்கைக்கு ஏலம் நடத்துவதில் செலவே மிஞ்சியது என்பதை வரம்பின் உயர்வே உணர்த்துகிறது.

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் மற்றொரு கோட்டைப் போட்டது. சாதாரணப் பொருளுக்கு 14 நாள், தனிப்பட்ட ஆவணங்களுக்கு 90 நாள். சந்தையில் காசு பெறாத, ஆனால் உரியவர் இழந்தால் வாழ்க்கையே முடங்கக்கூடிய தாள்களை இந்தச் சட்டம் பீரோவோடும் கட்டிலோடும் சேர்த்து எண்ணவில்லை. எனக்குத் தெரிந்த நாள்கணக்கு விதிகளில் மிகவும் அறிவார்ந்தது இதுதான் என்று சொல்லத் தோன்றுகிறது.

தெருவோரம் என்ற எதிர் விடை

எல்லா இடத்திலும் சட்டம் இவ்வளவு பொறுமை காட்டுவதில்லை. நீதிமன்ற ஆணைப்படி வெளியேற்றம் நடந்தால், ஜார்ஜியா மாநிலத்தில் பொருள்களை உரிமையாளர் குறிப்பிடும் இடத்தில் கொண்டு வைக்கலாம். ஆணை நிறைவேறியதும் அவை கைவிடப்பட்டவையாகக் கருதப்படும். டெக்சாஸில் அதிகாரி பொருளை வீட்டுக்கு அருகில் வெளியே வைக்கலாம், நடைபாதையை அடைக்கக்கூடாது. மழையோ பனியோ பெய்துகொண்டிருக்கும்போது வைக்கக்கூடாது. கனடாவின் ஒன்டாரியோ இடைவழி எடுத்தது: வெளியேற்றத்துக்குப் பின் 72 மணி நேரம், காலை 8 முதல் இரவு 8 வரை, வந்து எடுக்க வழி விட வேண்டும்.

வெளியேற்ற வழக்கு நடந்தபோதே குடியிருப்பவருக்கு எச்சரிக்கை கிடைத்துவிட்டது, மறுபடியும் ஓர் அறிவிப்பு எதற்கு என்பது இவற்றின் வாதம். வாதத்தில் ஓரளவு நியாயம் உண்டு. ஆனால் வெளியேற்றப்படும் குடும்பத்துக்கு அந்த நாளில் போக இடமே இருக்காது, பொருளுக்கு எங்கே இடம்? தானாகப் போனவருக்கு 15 நாள், துரத்தப்பட்டவருக்கு மணிக்கணக்கு என்றால், மிகவும் நெருக்கடியில் இருப்பவர் மிகக் குறைந்த அவகாசம் பெறுகிறார்.

இந்தியாவில் நாளைச் சொல்லாத சட்டங்கள்

தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரி முதல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம் ஒப்பந்தப் பதிவு, மூன்று மாத வாடகையைத் தாண்டாத முன்பணம், வெளியேற்றம் ஆகியவற்றை ஒழுங்குபடுத்துகிறது. விட்டுச்சென்ற பொருளுக்கு நாள்கணக்கு வகுக்கவில்லை. எனவே கேள்வி மிகப் பழைய இரண்டு சட்டங்களிடம் போகிறது.

முதலாவது தண்டனைச் சட்டம். 1860-ன் 403ஆம் பிரிவு, 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 314ஆம் பிரிவாக இருக்கிறது. பிறர் பொருளைக் கண்டெடுத்தவர் அதைக் காக்கவோ திருப்பிக் கொடுக்கவோ எடுத்தால் குற்றமல்ல. ஆனால் உரியவர் யாரென்று தெரிந்தும், அல்லது கண்டுபிடிக்க வழி இருந்தும் தனதாக்கிக் கொண்டால் குற்றம். உரியவரைத் தேடி அறிவிக்க நியாயமான முயற்சி எடுக்காமல், அவர் வந்து கேட்க நியாயமான காலம் வைத்திருக்காமல் தனதாக்கினாலும் குற்றம். எது நியாயமான வழி, எது நியாயமான காலம் என்பது நிகழ்வைப் பொறுத்தது என்று அந்தப் பிரிவின் விளக்கமே சொல்கிறது. வாடகைக்கு இருந்தவர் யாரென்று வீட்டுக்காரருக்கு நன்றாகத் தெரியும். ஆகவே அறிவிப்பில்லாமல் அவர் பீரோவைத் தன் வீட்டுக்குத் தூக்கிப்போவது சிறிய விஷயமல்ல.

இரண்டாவது 1872-ன் ஒப்பந்தச் சட்டம். கண்டெடுத்த பொருளைத் தன் காவலில் எடுத்துக்கொள்பவர், பொருளை ஒப்படைக்கப் பெற்றவரைப் போலவே பொறுப்பாளி. சாதாரண விவேகமுள்ள ஒருவர் தன் சொந்தப் பொருளைக் காக்கும் அளவு கவனம் வேண்டும். 169ஆம் பிரிவு விற்க அனுமதிப்பது இரண்டு சூழலில் மட்டும்: பொருள் அழியும் அல்லது மதிப்பின் பெரும்பகுதியை இழக்கும் நிலை, அல்லது உரிய செலவு பொருள் மதிப்பில் மூன்றில் இரண்டு பங்கை எட்டிய நிலை. அதற்கும் முன்னால், உரியவரைக் கண்டுபிடிக்க முடியாமலோ, கேட்டும் அவர் செலவைக் கொடுக்க மறுத்தோ இருக்க வேண்டும்.

இங்கே ஓர் இடறல் உண்டு. இந்தப் பிரிவு தொலைந்த பொருளைப் பற்றிப் பேசுகிறது. வாடகை வீட்டில் விட்டுப்போன பீரோ தொலைந்ததல்ல. ஒப்புமையாகத்தான் இதைப் பயன்படுத்த முடியும். நீதிமன்றம் ஏற்கலாம், ஏற்காமலும் போகலாம். இன்னொரு செய்தி பலருக்கும் தெரியாதது. பாக்கிக்காகப் பொருளைப் பிடித்துவைக்கும் பொது உரிமையை 171ஆம் பிரிவு வங்கியர் முதலிய ஒரு சில தொழில்களுக்கு மட்டுமே தருகிறது. அந்த வரிசையில் வீட்டு உரிமையாளர் இல்லை. பொருளின் மீது உழைப்போ திறனோ செலுத்தியவருக்கு 170ஆம் பிரிவு தரும் உரிமையும் அவருக்குப் பொருந்துவது கடினம். ஒப்பந்தத்தில் தெளிவாக எழுதியிருந்தால் ஒழிய, பாக்கிக்காகப் பீரோவை நிறுத்தி வைப்பதற்கு அடித்தளம் மிகவும் மெலிது.

ஓர் அறிவிப்பைக் கட்டிப் பார்த்தால்

கணக்கோடு பார்க்க ஒரு கற்பனை வீட்டை எடுத்துக்கொள்ளலாம். மதுரையில் மாடிப் பகுதி, 600 சதுர அடி, மாத வாடகை 12,000 ரூபாய். குடியிருந்தவர் ஜூன் 1 அன்று சாவியைக் கீழ்வீட்டில் கொடுத்துவிட்டுப் போனார். முன்பு சொன்ன பொருள்கள் உள்ளே இருக்கின்றன.

முதல் வேலை, வீடு உண்மையில் காலியானதா என்று உறுதி செய்வது. சாவி வந்தது நல்ல ஆதாரம். சாவி வராமல் பூட்டு தொங்கினால் நிலைமை வேறு. மின்மீட்டர் ஓடவில்லை, வாடகை நின்றது, அக்கம்பக்கத்தார் லாரி ஏற்றியதைப் பார்த்தார்கள் என்பவை குறிகள்தாம். பூட்டை உடைத்து நுழைந்த பின் ஆள் திரும்பி வந்தால், சட்டவழி இன்றி வெளியேற்றப்பட்டவர் ஆறு மாதத்துக்குள் மீண்டும் உடைமை கேட்டு வழக்குத் தொடுக்க 1963-ன் குறித்தவகைத் தீர்வுச் சட்டம் இடம் தருகிறது. அதனால் பூட்டு தொங்கும் வீட்டுக்குப் பொருள் அறிவிப்பு முதல் படியல்ல. உடைமையை மீட்பது முதல் படி.

அடுத்தது பட்டியல். இரண்டு சாட்சிகள் முன்னிலையில், இடையில் நிறுத்தாமல் எடுத்த காணொளியோடு, அறை அறையாக எழுத வேண்டும். ‘வீட்டுச் சாமான்கள்’ என்று மொத்தமாக எழுதினால் பின்னாளில் அது யாரையும் காக்காது. ‘சலவை இயந்திரம், மேல்மூடி வகை, மூடியில் விரிசல், இயங்குகிறதா என்று சோதிக்கவில்லை’ என்பது பயனுள்ள வரி. தகரப்பெட்டியை ‘பூட்டியது, திறக்கவில்லை’ என்று எழுதிப் பூட்டின் மேல் தாள் ஒட்டிச் சாட்சிகள் கையெழுத்திட்டால் நல்லது.

பொருள்களை ஒரு மூலையில் அடுக்கினால் 60 சதுர அடி பிடிக்கும் என்போம். அது மொத்தப் பரப்பில் பத்தில் ஒரு பங்கு. மாதம் 1,200 ரூபாய், நாளுக்கு 40 ரூபாய். கீழே கிடங்கறைக்கு மாற்ற ஆள்கூலி 1,500 ரூபாய். முதல் ஏழு நாள் கட்டணமில்லை, மொத்தக் கெடு 30 நாள் என்று வைத்தால், கடைசி நாளில் வருபவர் பொறுப்பு 23 நாளுக்கு 920 ரூபாயும் கூலி 1,500-ம் சேர்ந்து 2,420 ரூபாய். முழு வாடகையையும் காப்புச் செலவாகப் போடும் அறிவிப்புகள் உண்டு. அது காப்புச் செலவல்ல, வாடகை இழப்பு. அதற்குத் தனிக் கோரிக்கை வேண்டும்.

இனி அறிவிப்பின் நடுப்பகுதி இப்படி அமையலாம்:

“இணைப்பில் கண்ட பொருள்கள் என் வீட்டின் கீழ்த்தளக் கிடங்கறையில் பத்திரமாக உள்ளன. ஜூன் 5 முதல் ஜூலை 4 வரை, ஞாயிறு உட்பட, காலை 9 முதல் மாலை 6 மணிக்குள் நீங்களோ, உங்கள் கையெழுத்திட்ட கடிதத்துடன் வருபவரோ எடுத்துச் செல்லலாம். ஜூன் 12 முதல் நாளுக்கு 40 ரூபாய் இடச்செலவும், ஏற்கெனவே ஆன கூலி 1,500 ரூபாயும் உங்கள் பொறுப்பு. சான்றிதழ்கள், அட்டைகள், புகைப்படங்கள் அடங்கிய கோப்பை எந்தக் கட்டணமும் இன்றி எப்போதும் பெற்றுக்கொள்ளலாம். அது செப்டம்பர் 5 வரை தனியே வைக்கப்படும். வர இயலாவிட்டால் ஜூலை 4-க்குள் எழுதித் தெரிவித்தால் தேதியை நீட்டிக்கப் பேசலாம்.”

வாடகை பாக்கி இதில் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அது முன்பணக் கணக்கில், வேறு தாளில் தீர வேண்டியது. இரண்டையும் ஒரே அறிவிப்பில் எழுதினால், பொருளைப் பணயமாக வைத்ததாகவே அது படிக்கப்படும்.

அனுப்பும் முகவரிதான் பெரும்பாலும் சறுக்கும் இடம். காலி செய்த வீட்டு முகவரிக்கே அனுப்பி, ‘விலாசத்தில் இல்லை’ என்று திரும்பிய உறையை ஆதாரமாக வைத்துக்கொள்வது போதாது. ஆள் அங்கே இல்லை என்று அனுப்பியவருக்கே தெரியும். சரியான முகவரியிட்டுக் கட்டணம் செலுத்தி அனுப்பிய பதிவுத்தபால் சேர்ந்ததாகக் கொள்ளும் 1897-ன் பொது வாசகச் சட்ட அனுமானம், முகவரி சரியானதாக இருந்தால்தான் உதவும். ஒப்பந்தத்தில் கண்ட சொந்த ஊர் முகவரி, வேலை பார்த்த இடம், கைப்பேசிச் செய்தி என்று எல்லா வழியிலும் அனுப்பி, திரும்பிய உறையைப் பிரிக்காமல் வைத்திருப்பதே தேடியதற்குச் சான்று.

கெடு கழிந்த பிறகு மூன்றில் இரண்டு பங்கு என்ற அளவுகோலை வைத்துப் பார்த்தால் ஒரு விந்தையான விளைவு கிடைக்கிறது. பொருள்களின் பழைய சாமான் விலை 9,000 ரூபாய் என்றால் செலவு 6,000-ஐ எட்ட வேண்டும். கூலி 1,500 போக மீதி 4,500-ஐ நாளுக்கு 40 ரூபாயாக எட்ட 113 நாள் ஆகும். இலவச வாரத்தையும் சேர்த்தால் நான்கு மாதம். பொருள்களின் மதிப்பு வெறும் 1,500 ரூபாய் என்றால் கூலியே வரம்பை முதல் நாளில் தாண்டிவிடும். மதிப்புள்ளதற்கு நீண்ட காவல், மதிப்பற்றதற்குக் குறுகிய காவல் என்பது கலிஃபோர்னியாவின் 700 டாலர் பிரிவினையின் அதே தர்க்கம். ஆனால் நம் சட்டத்தில் இடச்செலவை ‘உரிய செலவு’ என்று சேர்க்கலாமா என்பதே வாதத்துக்குரியது. எனவே 30 நாள் கெடு முடிந்த மறுநாளே பீரோவை விற்பது ஆபத்தானது. அந்தக் கெடு எடுத்துச் செல்லும் அவகாசத்தின் எல்லையைக் குறிக்கலாம். விற்கும் உரிமை அதனால் மட்டும் பிறந்துவிடுவதில்லை.

விட்டவருக்கே சொந்தமில்லாதவை

அந்த வீட்டில் ஒரு சமையல் எரிவாயு உருளையும் கேபிள் பெட்டியும் தவணையில் வாங்கிய சலவை இயந்திரமும் இருந்தால் கணக்கு மாறும். உருளை எண்ணெய் நிறுவனத்தின் சொத்து. வாடிக்கையாளர் கட்டியது வைப்புத்தொகை மட்டும். கேபிள் பெட்டி பல இடங்களில் நிறுவனத்துடையது. தவணைப் பொருள் மீது கடன் கொடுத்தவருக்கு உரிமை இருக்கக்கூடும். இங்கிலாந்துச் சட்டப்படி முறையாக அறிவித்து விற்றாலும், வாங்கியவருக்குக் கிடைக்கும் உரிமை விட்டுச்சென்றவருக்கு எதிராக மட்டுமே செல்லும். உண்மை உரிமையாளர் வேறொருவராக இருந்தால் அவரைக் கட்டுப்படுத்தாது. கலிஃபோர்னியா இதை முன்கூட்டியே சமாளிக்கிறது. பொருள் வேறொருவருடையது என்று நம்பக் காரணம் இருந்தால் அவருக்கும் அறிவிப்பு போக வேண்டும். நம் சூழலிலும் உருளையை முகவரிடம் ரசீது பெற்று ஒப்படைப்பதும், தவணை நிறுவனத்தின் ஒட்டுச்சீட்டு தெரிந்தால் அவர்களுக்குத் தெரிவிப்பதும் கடினமான வேலையல்ல. குடியிருந்தவர் இறந்திருந்தால் பொருள் வாரிசுகளுடையது. முதலில் வந்து கேட்கும் உறவினரிடம் எல்லாவற்றையும் கொடுத்துவிடுவது பின்னர் வழக்காகத் திரும்பலாம்.

தீராமல் நிற்பவை

வாடகை ஒப்பந்தங்களில் இப்போது ஒரு வாசகம் தென்படுகிறது: காலி செய்து 15 நாளுக்குள் எடுக்காத பொருள் வீட்டு உரிமையாளருக்கே சேரும். இது எவ்வளவு தூரம் செல்லும்? கையெழுத்திட்ட ஒப்பந்தம் கட்டுப்படுத்தும் என்பது ஒரு தரப்பு. 15 நாள் தாமதத்துக்கு 50,000 ரூபாய்ப் பொருளை இழக்கச் செய்வது தண்டம், ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆம் பிரிவு அனுமதிப்பது நியாயமான இழப்பீட்டை மட்டுமே என்பது மறுதரப்பு. எனக்கு இரண்டாவது வாதம் வலுவாகத் தோன்றுகிறது. குறிப்பாக, அந்த வாசகத்தை மட்டும் நம்பி அறிவிப்பே அனுப்பாத இடத்தில் அது இன்னும் வலுவாகிறது. ஆனாலும் உடைந்த நாற்காலி, கிழிந்த பாய் போன்றவற்றை அப்புறப்படுத்த அதே வாசகம் நியாயமான அனுமதியாக இருக்கலாம். ஒரே வாசகம் இரண்டு வகைப் பொருளுக்கு இரண்டு விதமாகப் படிக்கப்படும் நிலை உள்ளது.

எண்ணிக்கை வகுத்த சட்டம் நமக்குத் தேவையா என்பதும் முடிந்த விவாதமல்ல. நாள் எழுதினால் வீட்டுக்காரர் நிம்மதியடைவார், குடியிருந்தவருக்கும் தெளிவு கிடைக்கும். ஆனால் வளைகுடாவுக்கோ வேறு மாநிலத்துக்கோ வேலை தேடிப் போனவருக்கு 15 நாள் என்பது பெரும்பாலும் வெறும் எண். நாள்கணக்கையே சட்டமாக்குவதானால், ஆவணங்களுக்குத் தனிக் காலமும், இடத்தின் அளவுக்கு மேற்படாத காப்புச் செலவும், பொருளுக்கும் வாடகை பாக்கிக்கும் இடையே தெளிவான பிரிவும் அதோடு சேர்ந்து வர வேண்டும். இவற்றை விட்டுவிட்டு நாளை மட்டும் எடுத்துக்கொண்டால், 1689-ன் ஐந்து நாள் விதிக்குப் புதிய பெயர் சூட்டியதாகவே ஆகும். யாருமே வராத பொருளின் செலவைக் கடைசியில் யார் ஏற்பது என்ற கேள்விக்கு மேற்கண்ட எந்தச் சட்டமும் நிறைவான விடை தரவில்லை. ஏலத்தில் மிஞ்சினால் பணம் கருவூலத்துக்குப் போகிறது. மிஞ்சாதபோது அந்தச் சுமை ஓசையின்றி வீட்டு உரிமையாளரிடமே தங்குகிறது. சிறு வீடு ஒன்றை வாடகைக்கு விட்டு வாழ்பவருக்கு அது சிறிய தொகையல்ல.